தலைப்பிலேயே முடிவு
"சரி, இதில் எதை எடுக்கலாம்னு சொல்றீங்க?" என்று இன்று கூட்டத்தில் ஒருவர் கேட்டார், ஒப்பீட்டு ஸ்லைடு திரையில் இருக்கும்போதே.

மென்பொருளை வாங்குவதா, நாமே எழுதுவதா என்பதுதான் விஷயம். பத்து வரிசை, அதில் ஏழில் இரண்டு பக்கமும் பச்சை டிக்.

இரண்டுக்கும் ஒரே பதில் வரும் வரிசை முடிவெடுக்க உதவாது, தூக்கிவிடலாம். மிஞ்சுவது செலவு, தயாராகும் காலம், பிறகு மாற்றும் வசதி. அங்கேயும் டிக் வேண்டாம், வாங்குவதற்கு '2 மாதம்', நாமே எழுதுவதற்கு '9 மாதம்' என்றே போடலாம்.

அப்புறம் தலைப்பு. 'இரு வழிகள்: ஒப்பீடு' என்பதற்குப் பதில் 'வாங்கலாம்: 7 மாதம் முன்பே தொடங்கிவிடலாம்' என்று போட்டு, அட்டவணையில் வாங்கும் பக்கத்துக்கு மட்டும் நிறம் கொடுங்கள்.

வாங்கினால் பின்னால் மாற்றுவது கடினம் என்பதையும் மறைக்காமல் வையுங்கள். அடிக்கடி மாற்றம் தேவைப்படும் என்றால் நாமே எழுதுவதுதான் சரி என்று கீழே ஒரு வரி.