பேசின் நேரத்திலிருந்து பின்னோக்கி எழுதுதல்

கோயம்புத்தூரில் ஒரு சலூனின் வரவேற்பு மேசையில் நான் ஏழு ஆண்டுகளாக அப்பாயின்ட்மென்ட் எழுதி வருகிறேன். எங்களிடம் நான்கு ஸ்டைலிஸ்டுகளும் ஐந்து நாற்காலிகளும் தலை அலசும் பேசின்கள் இரண்டும் உள்ளன. முதல் இரண்டு ஆண்டுகள் நான் நாற்காலிகளை மட்டுமே எண்ணிக்கொண்டிருந்தேன். நாற்காலி காலியாக இருந்தால் ஆளை எழுதலாம் என்பதே என் கணக்கு. அந்தக் கணக்கு எங்கே தவறியது என்பது ஒரு ஞாயிற்றுக்கிழமை முற்பகலில் எனக்குத் தெரியவந்தது.

செவ்வாயும் வெள்ளியும் முடி வெட்டிக்கொள்ளாத குடும்பங்கள் எங்கள் ஊரில் நிறைய உண்டு. வேலைக்குப் போகிறவர்களுக்கு மற்ற நாள்களில் நேரமும் கிடைப்பதில்லை. அதனால் வாரத்தின் கூட்டம் முழுவதும் ஞாயிறு காலையில்தான் வந்து சேரும். அந்த நாளில் ஒரு ஸ்ட்ரெய்ட்டனிங், தலை முழுவதற்கும் கலர் ஒன்று, வேர்ப்பகுதிக்கு மட்டும் டச்-அப் ஒன்று, முடிவெட்டு சில என எல்லாவற்றையும் பத்து மணியிலிருந்து பத்தரைக்குள் தொடங்கும்படி எழுதியிருந்தேன். ஒவ்வொருவருக்கும் ஒரு நாற்காலி இருந்ததால் புத்தகத்தில் எந்த மோதலும் தெரியவில்லை.

பதினொன்று இருபத்தைந்துக்குக் கலர் அலச வேண்டியவர் இடது பேசினில் அமர்ந்தார். வலது பேசினில் முடிவெட்டுக்கு வந்த ஒருவரின் தலையில் ஷாம்பூ நுரை நிறைந்திருந்தது. பதினொன்றரைக்கு ஸ்ட்ரெய்ட்டனிங் செய்துகொண்டிருந்த பெண்ணின் முடியில் ஓர் இழையை எடுத்து விரலில் சுற்றிப் பார்த்த எங்கள் மூத்த ஸ்டைலிஸ்ட், கிரீம் தன் வேலையை முடித்துவிட்டது என்றும் உடனே அலச வேண்டும் என்றும் சொன்னார். ஆனால் இரண்டு பேசின்களிலும் ஆள் இருந்தது. நுரையோடு இருப்பவரை எழுப்பி நிறுத்த முடியவில்லை. ஈரத் துண்டால் கிரீமைத் துடைத்தெடுத்தார்கள். ஆனால் துண்டால் துடைப்பது அலசுவதாகாது. பேசின் கிடைக்கப் பன்னிரண்டு நிமிடங்கள் ஆயின. அந்தப் பெண்ணின் முடி நுனிகள் முன்பே கலர் செய்யப்பட்டவை. அலசியபின் ஈரத்தில் இழுத்துப் பார்த்தபோது அவை ரப்பரைப் போல நீண்டு, பின்வாங்காமல் அப்படியே நின்றன. அயர்ன் வைக்கும்போது சில இடங்களில் அறுந்தன. மூன்று அங்குலம் வெட்ட வேண்டியதாயிற்று. உரிமையாளர் பணம் வாங்கவில்லை. அந்தப் பெண் என்னிடம் எதுவும் பேசாமல் பையை எடுத்துக்கொண்டு போனது இன்றும் என் கண்முன் நிற்கிறது, ஏனென்றால் அந்தத் தவறு ஸ்டைலிஸ்டின் கையில் நிகழவில்லை. என் புத்தகத்தில் நிகழ்ந்தது.

அன்று மாலை அந்த மூத்த ஸ்டைலிஸ்ட் என் மேசைக்கு வந்து, "அக்கா, எனக்கு எத்தனை மணிக்கு பேசின் வேணும்னு முதல்ல எழுதிக்கோங்க. அதுக்கப்புறம் ஆளை எத்தனை மணிக்கு வரச் சொல்றதுன்னு பார்க்கலாம்" என்றார். அதுவரை நான் வரும் நேரத்தை எழுதி, மற்றவை தானாக நடக்கும் என்று விட்டிருந்தேன். அவர் சொன்னது முறையையே திருப்பிப் போட்டது. மறுநாள் முதல் என் புத்தகத்தில் நான்கு ஸ்டைலிஸ்டுகளின் பத்திகளுக்கு அருகில் இடது பேசின், வலது பேசின் என இரண்டு பத்திகளைச் சேர்த்துக் கோடு போட்டேன்.

பேசினுக்குப் போகும் எல்லா வேலைகளும் ஒரே தன்மையுடையவை அல்ல. முடிவெட்டுக்கு முன் ஷாம்பூ போடுவது பத்து நிமிடம் தள்ளிப்போனால் வாடிக்கையாளருக்குச் சலிப்பு ஏற்படும், அவ்வளவே. கலரையோ ஸ்ட்ரெய்ட்டனிங் கிரீமையோ அலசுவது தள்ளிப்போனால் முடிக்கே கேடு. எனவே காத்திருக்கக்கூடிய அலசல், காத்திருக்க முடியாத அலசல் என்று இரண்டாகப் பிரித்தேன். இடது பேசின் பத்தியில் ரசாயன வேலைகளுக்கான அலசலை மட்டுமே எழுதுவது என்றும், ஒவ்வொன்றுக்கும் இருபது நிமிடம் ஒதுக்குவது என்றும் முடிவு செய்தோம். அலச ஏறத்தாழ பதினைந்து நிமிடம் ஆகும். மீதி ஐந்து நிமிடம் பேசினைத் துடைக்கவும், வடிகட்டியில் தங்கிய முடியை எடுக்கவும், துண்டு மாற்றவும் வேண்டும். இந்த ஐந்து நிமிடத்தை எழுதாமல் விட்டால் மூன்றாவது ஆளுக்குள் கால்மணி நேரம் காணாமல் போய்விடும்.

அதே மூன்று வேலைகளும் வந்த பின்னொரு ஞாயிற்றுக்கிழமையை எப்படி எழுதினேன் என்பதைச் சொல்கிறேன். ஸ்ட்ரெய்ட்டனிங்தான் நீளமானது என்பதால் அதை முதலில் வைத்தேன். பத்து மணிக்கு அவருக்கு இடது பேசினில் அலசல்; பத்தரை வரை உலர்த்துதல்; கிரீம் பூசி முடிக்க பதினொன்று ஐந்து; அது வேலை செய்ய ஏறத்தாழ இருபத்தைந்து நிமிடம். ஆகவே பதினொன்றரை முதல் பதினொன்று ஐம்பது வரை இடது பேசின் அவருக்கு. அதை எழுதியபின்தான் கலரை எடுத்தேன். கலருக்குப் பேசின் பதினொன்று ஐம்பதுக்குக் கிடைக்கும். அங்கிருந்து பின்னோக்கி, கலர் ஊற முப்பத்தைந்து நிமிடம், பூச நாற்பது நிமிடம், நிறம் தேர்ந்து கலவை தயாரிக்கக் கால்மணி நேரம் என எண்ணினால் அவர் பத்து இருபதுக்கு வந்தால் போதும். பத்து மணிக்கு வரச் சொன்னால் அவருடைய அலசல் ஸ்ட்ரெய்ட்டனிங்கின் அலசலோடு மோதும். டச்-அப்புக்குப் பேசின் பன்னிரண்டு பத்து. ஊற முப்பத்தைந்து, பூச முப்பது, தயாரிக்கப் பத்து என்று கழித்தால் அவர் வர வேண்டியது பத்து ஐம்பத்தைந்துக்கு. அந்த ஸ்டைலிஸ்ட் அதற்குமுன் பத்து மணிக்கு ஒரு முடிவெட்டை எடுத்து, வலது பேசினில் ஷாம்பூ போட்டு, பத்து ஐம்பதுக்குள் முடித்துவிட்டார்.

கலர் ஊறும் முப்பத்தைந்து நிமிடத்தில் ஸ்டைலிஸ்டின் கை சும்மா இருக்கும். அந்த இடைவெளியில் பேசின் தேவைப்படாத உலர் முடிவெட்டு ஒன்றை ஐந்தாவது நாற்காலியில் எழுதலாம். நான்கு பேருக்கு ஐந்தாவது நாற்காலி எதற்கு என்று முதலில் நான் கேட்டதுண்டு. அதன் பயன் இதுதான். ஆனால் ஒரு நேரத்தில் ஒருவருக்குத்தான் அந்த வசதி கிடைக்கும். பதினொன்று பதினைந்துக்குக் கலர் ஸ்டைலிஸ்ட் அதை எடுத்துக்கொண்டதால், பதினொன்று முப்பத்தைந்துக்கு டச்-அப் ஸ்டைலிஸ்டுக்கு வேறு ஆள் எழுதவில்லை. உட்கார வைக்க நாற்காலி இல்லாதபோது ஆளை எழுதினால் அவர் சோபாவில் அமர்ந்து கடிகாரத்தைத்தான் பார்த்துக்கொண்டிருப்பார்.

உணவு இடைவேளையில்தான் நான் நெடுநாள் தவறு செய்தேன். கலர் ஊறும் நேரத்தைச் சாப்பாட்டு நேரமாக எழுதினேன். காகிதத்தில் அது மிகவும் லாபகரமாகத் தெரிந்தது. ஒருநாள் பின்னறைக்குப் போனபோது கலர் செய்துகொண்டிருந்த ஸ்டைலிஸ்ட் சாப்பாட்டு டப்பாவின் மூடியைத் திறந்து வைத்து, இடக்கையில் டைமரைப் பிடித்தபடி நின்றுகொண்டே தயிர்சாதம் உண்பதைக் கண்டேன். வாடிக்கையாளர் நெற்றியில் அரிக்கிறது என்று கூப்பிட்டபோது பாதியில் கைகழுவிக்கொண்டு ஓடினார். அது இடைவேளையே அல்ல. இப்போது உணவு நேரத்தை வாடிக்கையாளர் பெயரைப் போலவே பத்தியில் எழுதுகிறேன்; அதற்குள் எவரையும் நுழைப்பதில்லை. அந்த ஞாயிறன்று கலர் செய்தவர் பன்னிரண்டே முக்காலுக்கும், முடிவெட்டு மட்டும் பார்த்தவர் ஒன்றே காலுக்கும், டச்-அப் செய்தவர் ஒன்றே முக்காலுக்கும் சாப்பிடப் போனார்கள். ஸ்ட்ரெய்ட்டனிங் செய்தவருக்கு மதியம் இரண்டே காலுக்கு முன் வழியில்லை. உலர்த்தி, அயர்ன் வைத்து, நேரான வடிவத்தை நிலைநிறுத்தும் நியூட்ரலைசர் பூசி, ஒன்று நாற்பதுக்கு இறுதி அலசலைத் தொடங்கி, மறுபடியும் உலர்த்திய பிறகுதான் அவர் கை விடுபடும். கிரீம் வேலை செய்யும்போது ஐந்து நிமிடத்துக்கொருமுறை இழையைப் பார்க்க வேண்டியிருப்பதால் அதுவும் ஓய்வாகாது. ஆகவே பன்னிரண்டே காலுக்கு, அயர்னைக் கையில் எடுப்பதற்கு முன், அவர் பத்து நிமிடம் உட்கார்ந்து தேநீரும் இரண்டு பிஸ்கட்டும் எடுத்துக்கொள்ளட்டும் என்று உதவியாளரைக் கொண்டு முடியைப் பகுதி பிரிக்க வைத்தோம்.

கணக்கு எப்போதும் எழுதியபடி நடக்காது. அடர்த்தியான முடிக்குக் கிரீம் பூசவே பத்து நிமிடம் கூடும். அன்று இழைச் சோதனையில் இன்னும் ஐந்து நிமிடம் தேவை என்று தெரிந்தது. உடனே கலரின் அலசல் இடித்தது. அப்படிப்பட்ட நேரத்துக்காகத்தான் வலது பேசினுக்கு ஒரு கட்டுப்பாடு வைத்தோம்: இடது பேசின் நிறைந்திருந்து, ஏதேனும் ஒரு டைமரில் பதினைந்து நிமிடத்துக்குக் குறைவாக இருந்தால், வலது பேசினில் புதிதாக ஷாம்பூ தொடங்கக்கூடாது. கலர் போட்டவரை வலது பேசினுக்கு மாற்றினோம். பன்னிரண்டு மணி முடிவெட்டுக்காரர் பத்து நிமிடம் காத்திருந்தார். அவரிடம் நானே சென்று காரணத்தைச் சொன்னேன்.

இரண்டு பேசின்களுக்கும் ஒரே இருபத்தைந்து லிட்டர் கீசரிலிருந்துதான் வெந்நீர் வருகிறது. தொடர்ந்து மூன்று நீண்ட அலசல்கள் ஆனால் நான்காமவர் தலையில் குளிர்ந்த நீர் விழும். எனவே பன்னிரண்டரைக்குப் பின் கால்மணி நேரம் எந்த அலசலையும் எழுதுவதில்லை. இதைவிட அதிகமாக என்னைத் திணற வைத்தது தலையெண்ணெய். எண்ணெய் வைத்த தலையோடு வருகிறவருக்கு இரண்டு முறை ஷாம்பூ போட வேண்டும். பத்து நிமிட அலசல் இருபதாகிவிடும். சனிக்கிழமை தொலைபேசியில் நேரம் உறுதி செய்யும்போதே, "நாளைக்குத் தலைக்கு எண்ணெய் வைக்காம வர முடியுமா, மேடம்?" என்று கேட்டுவிடுகிறேன். வைத்துவிட்டேன் என்று சொல்கிறவரைப் பத்து நிமிடம் முன்னதாக வரச் சொல்கிறேன்.

எவ்வளவு நகர்த்தினாலும் ஒரே முற்பகலில் இரண்டு ஸ்ட்ரெய்ட்டனிங் எங்கள் இரண்டு பேசின்களில் அடங்காது. ஒவ்வொன்றும் மூன்று முறை பேசினுக்கு வரும். நான்கு மணி நேரத்துக்கு மேல் ஒருவரைக் கட்டிப்போடும். தீபாவளிக்கு முந்தைய வாரங்களில் இதற்காக உரிமையாளரோடு நான் வாதிட்டிருக்கிறேன். இப்போது அவர் ஒப்புக்கொண்டுவிட்டார். ஞாயிறு காலைக்கு இரண்டாவதாக ஒருவர் அழைத்தால், இடது பேசின் பத்தியைப் பார்த்துவிட்டு, புதன்கிழமை பத்து மணிக்கு எழுதிக்கொள்ளலாமா என்று கேட்கிறேன்.