அரை மணிக்கு இருபது மார்க்

கொழிஞ்சாம்பாறைப் பக்கத்தில் தமிழ் வழியில் பத்தாம் வகுப்பு படித்தேன். கேரள எஸ்.எஸ்.எல்.சி. கணக்குத் தாளுக்கு 80 மார்க், எழுத இரண்டரை மணி நேரம். அதற்கு முன் வினாத்தாளைப் படிக்கக் கூல் ஆஃப் டைம் என்று 15 நிமிடம் தருவார்கள். 150 நிமிடத்தை 80-ஆல் வகுத்தால் ஒரு மார்க்குக்கு இரண்டு நிமிடத்துக்குச் சற்றுக் குறைவாக வரும். பலரும் இந்தக் கணக்கோடு நின்றுவிடுகிறார்கள். அப்படி எழுதினால் கடைசி மணி அடிக்கும்போதுதான் கடைசி வரி முடியும், திருப்பிப் பார்க்க நேரமே இராது.

எங்கள் கணக்கு டீச்சர் ஒரு மார்க்குக்கு ஒன்றரை நிமிடம் என்று வைத்துக்கொள்ளச் சொன்னார். நான்கு மார்க் வினாவுக்கு ஆறு நிமிடம், ஆறு மார்க் வினாவுக்கு ஒன்பது. மொத்தம் 120 நிமிடத்தில் தாள் முடிந்து, அரை மணி நேரம் கையில் நிற்கும். ஆனால் ஒவ்வொரு வினாவுக்கும் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தால் கணக்கு ஓடாது. எங்கள் பள்ளியில் அரை மணிக்கு ஒருமுறை மணி அடிப்பார்கள், எனக்கு அது போதுமானதாக இருந்தது. ஒன்றரை நிமிடம் என்றால் அரை மணிக்கு 20 மார்க். 9.45-க்கு எழுதத் தொடங்கினால் 10.15 மணியோசைக்கு 20, 10.45-க்கு 40, 11.15-க்கு 60, 11.45-க்கு 80. தேர்வு முடிவது 12.15-க்கு. மணி அடித்ததும் எழுதி முடித்த மார்க்கை மனதுக்குள் கூட்டிப் பார்ப்பேன். ஐந்து, ஆறு மார்க் பின்தங்கியிருந்தால் பதற மாட்டேன், கைவசமுள்ள அரை மணி அதைத் தாங்கும். பத்துக்கு மேல் பின்தங்கியிருந்தால் எழுதிக்கொண்டிருக்கும் வினாவைப் பாதியில் விட்டு, அதற்குக் கீழே இடம் ஒதுக்கிவிட்டு அடுத்ததற்குப் போக வேண்டும்.

எல்லாக் கணக்கும் மார்க்குக்கு ஏற்ற நேரம் எடுக்காது என்பதுதான் இதில் சிக்கல். கூட்டுத்தொடர் வரிசையில் நான்கு மார்க் வினா மூன்று நிமிடத்தில் முடியும். 3 செ.மீ. ஆரமுள்ள வட்டத்துக்குள் 40°, 60° கோணங்கள் கொண்ட முக்கோணம் வரை என்றால், மையக் கோணங்கள் 80°, 120° என்று கண்டுபிடித்து, பென்சில் சீவி, பாகைமானி வைத்து முடிக்கப் பத்து நிமிடம் போய்விடும். அதனால் வரைபட வினாக்களை இரண்டாவது மணிக்குப் பிறகு எழுதினேன். முதலிலேயே எடுத்தால் 10.15-க்கு மார்க் குறைவாகத் தெரிந்து, கை நடுங்கத் தொடங்கும். வினாக்களின் வரிசையை மாற்றி எழுதலாம், ஆனால் ஓரத்தில் வினா எண்ணைச் சரியாகப் போட வேண்டும்.

கூல் ஆஃப் டைமை வினாக்களை விடையோடு யோசிக்கச் செலவிடுவது வீண் என்பது என் கருத்து. ‘ஏதேனும் மூன்று’ என்றால் எதை விடுவது என்பதை அப்போதே முடிவு செய்ய வேண்டும். கேட்டதற்கு மேல் எழுதியதற்குத் தனியாக மார்க் கிடையாது, அதற்குப் போன நிமிடங்கள் போனவைதான்.

மீதமிருக்கும் அரை மணியில் பத்து நிமிடம் விட்டுவைத்த வினாக்களுக்கு. மற்ற இருபது நிமிடத்தில் முழுத் தாளையும் மறுபடி போடக் கூடாது, விடையை வினாவுக்குள் வைத்துப் பார்க்க வேண்டும். மாதிரித் தேர்வில் என் தோழி 5, 8, 11 என்ற வரிசையின் முதல் 20 உறுப்புகளின் கூட்டுத்தொகையை 700 என்று எழுதியிருந்தாள். இருபதாவது உறுப்பை 5 + 20 × 3 = 65 என்று எடுத்ததால் வந்த பிழை. முதல் உறுப்பிலிருந்து 19 தாவல்தான், ஆகவே 62, கூட்டுத்தொகை 10 × 67 = 670. பொது உறுப்பு 3n + 2 என்று எழுதி n-க்கு 20 வைத்தால் அரை நிமிடத்தில் இந்தப் பிழை தெரிந்துவிடும். இருபடிச் சமன்பாடும் அப்படியே: அகலத்தைவிட நீளம் 4 மீ. கூடுதல், பரப்பு 96 ச.மீ. என்ற வினாவுக்கு 8, 12 என்று வந்தால் இரண்டையும் பெருக்கிப் பார்த்தால் போதும். அதன் பிறகு அலகு, வினா எண், கூடுதல் தாள்களின் வரிசை.

எல்லைக்கு அந்தப் பக்கம் பொள்ளாச்சியில் படித்த அத்தை மகனுக்கு 100 மார்க், மூன்று மணி நேரம். ஒன்றரை நிமிடக் கணக்கு அவனுக்கும் பொருந்தியது: 150 நிமிடம் எழுத்து, 30 நிமிடம் மீதி. பொருந்தாதது எங்கள் 40 மார்க் தாள்களுக்கு. இயற்பியல், வேதியியல், உயிரியலுக்கு ஒன்றரை மணி நேரம் இருப்பதால் ஒரு மார்க்குக்கு இரண்டு நிமிடம் தரலாம். அரை மணிக்கு 15 மார்க் என்று போனால் 80 நிமிடத்தில் எழுதி முடித்து, பத்து நிமிடம் திருப்பிப் பார்க்க இருக்கும்.