ஐந்தில் நிற்க வேண்டியது

விளையாட்டுப் பந்தயங்களைத் தானாகக் கட்டும் பைப்லைன் ஒன்றை இரண்டு வருடம் பார்த்துக்கொண்டேன். காலை ஆறு மணிக்கு எழுந்து, முந்தைய நாள் முடிவுகளை இறக்கி, அணிகளின் பலத்தைப் புள்ளியில் சொல்லும் எலோ ரேட்டிங்கைத் திருத்தும். அப்புறம் வெற்றி வாய்ப்பைப் பந்தயச் சந்தை தரும் ஆட்ஸால், அதாவது வென்றால் ஒரு யூனிட்டுக்குத் திரும்ப வரும் தொகையால், பெருக்கி ஒன்றைக் கழிக்கும். அதுதான் எட்ஜ். அது 3 சதவீதத்தைத் தாண்டினால் ஒரு யூனிட் பந்தயம். ஒரு நாளில் ஐந்து யூனிட் போனால் தானே நின்றுவிட வேண்டும்.

ஒரு நாள் நஷ்டம் 7.25 யூனிட் என்று வந்தது. நிறுத்தும் நிரலில் பிழை என்றுதான் முதலில் நினைத்தேன். எழுதியபடியே வேலை செய்திருந்தது! முடிவு தெரிந்த பந்தயங்களை மட்டும் அது எண்ணியது. மாலையில் மூன்று யூனிட் போயிருந்தது, ஆறு ஆட்டங்கள் நடந்துகொண்டிருந்தன. மூன்று ஐந்தைவிடக் குறைவுதானே, அதனால் அது பேசாமல் இருந்தது. இரவுக்குள் அந்த ஆறில் ஐந்து தோற்று, ஒன்று 1.75 ஆட்ஸில் வென்றது.

திருத்தம் ஒரு வரிதான்:

```python
if settled_loss + open_stakes + stake > LIMIT:
    halt()
```

நிலுவையில் இருப்பதெல்லாம் தோற்றதாகவே வைத்துக் கணக்கிடு என்று அர்த்தம். நல்ல நாளிலும் சில பந்தயங்கள் இதனால் கைவிட்டுப் போகும் என்று உடன் வேலை பார்த்தவர் முணுமுணுத்தார். போகத்தான் செய்யும்.

அதோடு விட்டிருப்பேன். மறுநாள் காலை நஷ்டக் கணக்கு பூஜ்யத்துக்குத் திரும்பியது, பைப்லைன் மறுபடி பந்தயம் கட்டத் தொடங்கியது. பட்டியலைப் பார்த்தபோதுதான் உறுத்தியது. வழக்கமாக நான்கைந்து சதவீதம் இருக்கும் எட்ஜ், வரிசையாகப் பத்துக்கு மேல். சந்தை அத்தனை ஆட்டங்களிலும் ஒரே நேரத்தில் ஏமாறாது, ஏமாந்தது நாங்கள்தான்.

ஓர் ஆட்டத்தைக் கையால் போட்டுப் பார்த்தேன். எங்கள் கணக்கில் ஓர் அணிக்கு 1600, எதிரணிக்கு 1500. நூறு புள்ளி வித்தியாசம் என்றால் வெற்றி வாய்ப்பு 64 சதவீதம், 1.75 ஆட்ஸில் எட்ஜ் 12. ஆனால் அந்த வாரம் முதல் அணி இரண்டு ஆட்டம் தோற்று 1574-க்கு இறங்கியிருக்க வேண்டும், மற்றது இரண்டு வென்று 1520-க்கு ஏறியிருக்க வேண்டும். அப்படிப் போட்டால் வாய்ப்பு 58-க்குச் சற்றுக் குறைவு, எட்ஜ் ஒரு சதவீதம்தான். பந்தயமே கட்டியிருக்கக் கூடாது.

முடிவுகள் தரும் சேவை நான்கு நாளாக ஒரே பழைய கோப்பை அனுப்பிக்கொண்டிருந்தது. பதிலோ 200, எல்லாம் சரி என்ற குறியீடு. கோப்பு வந்ததா என்று மட்டும் நாங்கள் பார்த்தோம், அதற்குள் கடைசி ஆட்டம் எந்தத் தேதி என்று பார்க்கவில்லை. சந்தைக்கு அந்த நான்கு நாள் தெரியும், எங்களுக்குத் தெரியாது. பெரிய எட்ஜாகத் தெரிந்தது அந்த இடைவெளிதான்.

இப்போது கடைசி ஆட்டத்தின் தேதி இரண்டு நாளைவிடப் பழையது என்றால் `HALT` என்ற கோப்பு உருவாகும். நஷ்ட வரம்பு தொட்டாலும் அதே கோப்புதான். நள்ளிரவு தாண்டினாலும் போகாது, ஒருவர் காரணம் பார்த்துக் கையால் அழிக்க வேண்டும்.

சீசன் முடிந்த வாரம் ஒரு காலை `HALT` வந்தது. காரணம் பார்க்காமல் அழித்தேன். மறுநாளும் வந்தது. மூன்றாம் நாள்தான் அட்டவணையைத் திறந்தேன்: ஆட்டமே இல்லை.