முதல் வாரமே பெட்டி கேஷ்ல 3,360 ரூபா இடிச்சுது: ஆர்ட்டிகிள்ஷிப் அனுபவம்

தர்மபுரில இருந்து தினமும் பஸ்ல கிருஷ்ணகிரி போய் ஆடிட்டர்கிட்ட சி.ஏ. பயிற்சி, அதாவது ஆர்ட்டிகிள்ஷிப் பண்றேன். சேர்ந்த வாரமே ஒரு மாங்கூழ் ஃபேக்டரி ஆடிட்டுக்கு அனுப்பிட்டாங்க. சீனியர் ஸ்டாக்கு, பர்ச்சேஸு எல்லாம் அவர் எடுத்துக்கிட்டு என்கிட்ட பெட்டி கேஷ, அதாவது சின்ன சின்ன செலவுக்குன்னு தனியா வெச்சிருக்கற பணத்த கொடுத்தார். "சின்ன வேல தான், எண்ணிட்டு வந்துடு"ன்னாங்க எல்லாரும். சின்ன வேலையே இல்லைங்க அது. இன்னும் எனக்கு ஆறல, அதான் எழுதறேன், அடுத்து வர்றவங்களுக்காவது உதவும்.

முத தடவ போனப்பவே கேஷியர் லீவு, சாவியும் அவர்கிட்டயாம். ஆபீஸ்ல இருந்த கிளார்க் தலைய நிமித்தாமலே "அவர் வந்தா தான் மேடம், நாங்க என்ன பண்ண முடியும்"னு சொல்லிட்டு ஃபோன நோண்ட ஆரம்பிச்சிட்டார். டூப்ளிகேட் சாவி யார்கிட்டன்னு கேட்டா அதுக்கும் பதில் இல்ல. அப்படியே திரும்பி வந்திருந்தா சர்ப்ரைஸ் கவுண்ட்னு சொல்றதுக்கே அர்த்தமில்லாம போயிருக்கும், ஏன்னா நாங்க வந்தது அவருக்கு அன்னிக்கு சாயந்திரமே தெரிஞ்சிடும். சீனியருக்கு ஃபோன் போட்டேன், "பெட்டி மூடி மேல பேப்பர் ஒட்டி குறுக்கால நீயும் மேனேஜரும் கையெழுத்து போடுங்க, தேதி நேரம் எழுது, ஃபோட்டோ எடுத்துட்டு வா"ன்னார். மேனேஜர் மூஞ்சிய சுளிச்சிக்கிட்டே தான் போட்டார். ஆனா போட்டார். இத ஞாபகம் வெச்சிக்கோங்க, ஆள் இல்லன்னு சொன்னா பெட்டிய சீல் பண்ணாம கிளம்பாதீங்க.

மறுநாள் காலைல பேப்பர் அப்படியே இருந்துச்சு. கேஷியர் அண்ணன் முன்னாடியே கிழிச்சு, அவர் கையாலயே நோட்ட எடுத்து வெக்க சொல்லி எண்ணினேன். 500 ரூபா 10, நூறு 8, ஐம்பது 3, இருபது 4, பத்து 4. மொத்தம் 6,070. புக்ல இருக்க வேண்டிய பேலன்ஸ் 9,430. அதாவது 3,360 குறையுது.

உடனே அவர், "சாப்பாட்டு நேரம் ஆயிடுச்சு, போய் சாப்பிட்டு வாங்க பாப்பா, வந்து டேலி பண்ணிக்கலாம்"னார். பன்னெண்டு மணி கூட ஆகல! எழுந்து போயிருந்தா கதையே வேற. பக்கத்து டேபிள்லயே மெயின் கேஷ் பெட்டி இருக்கு, அதுல இருந்து எடுத்து இதுல வெச்சிட்டா முடிஞ்சுது. அதனால தான் ஒரே ஆபீஸ்ல எத்தன பெட்டி இருந்தாலும் எல்லாத்தையும் ஒரே நேரத்துல எண்ணணும்னு சொல்றாங்க. சீனியர் அந்த பெட்டிய எண்ணிக்கிட்டு இருந்தார், நான் என் நாற்காலிய விட்டு நகரல.

வித்தியாசம் வந்துடுச்சு, எங்க இருந்து வந்துச்சுன்னு எப்படி கண்டுபிடிக்கிறது? புக்க மட்டும் வெச்சிக்கிட்டு முட்டிக்கிட்டா கிடைக்காது. இவங்க பெட்டி கேஷ் இம்ப்ரெஸ்ட் முறைல ஓடுது, இம்ப்ரெஸ்ட்னா ஒரு நிலையான தொகை, இவங்களுக்கு 25,000. எந்த நேரத்துல திறந்து பாத்தாலும் கைல இருக்கற பணமும், இன்னும் ரீஇம்பர்ஸ் ஆகாத, அதாவது செலவான பணம் பெட்டிக்கு திரும்பி வராத வவுச்சரும் சேர்ந்து 25,000 வரணும். அதனால வவுச்சர ஒண்ணொண்ணா நானே கூட்டினேன், 15,930 வந்துச்சு. அதோட 6,070 சேத்தா 22,000. ஆக உண்மைல குறையறது 3,000 தான். அப்ப மீதி 360? புக்ல செலவு 15,570னு தான் இருக்கு, வவுச்சர்ல 360 அதிகம். 360 ஒன்பதால வகுபடுது, அப்படி வந்தா முதல்ல இலக்கம் இடம் மாறியிருக்கான்னு தேடணும்னு காலேஜ்ல படிச்சது. தேடினா கிடைச்சுது, லாரில மாங்கா இறக்கின கூலி வவுச்சர் 1,840, புக்ல 1,480னு எழுதியிருக்கு. அது எழுத்துப் பிழை, பணம் போகல. ரெண்டையும் பிரிச்சதுக்கு அப்புறம் தான் மனசு கொஞ்சம் லேசாச்சு, ஏன்னா ஒருத்தர் மேல 3,360னு பழி போடறதுக்கும் 3,000னு கேக்கறதுக்கும் வித்தியாசம் இருக்கு.

3,000 எங்கண்ணான்னு கேட்டதும் அவர் மேஜை டிராயர திறந்து ஒரு துண்டுச்சீட்டு எடுத்து நீட்டினார். "டீசல் அட்வான்ஸ் 3000"னு எழுதி டிரைவர் கையெழுத்து இருக்கு. தேதி இல்ல, மேனேஜர் கையெழுத்து இல்ல. பெட்டிக்குள்ள இருக்க வேண்டிய சீட்டு டிராயர்ல ஏன் இருக்குன்னு எனக்கு அங்கயே உறுத்துச்சு. "இது போதும்ல, டேலி ஆயிடுச்சு"ன்னு அவர் புக்க மூடவே பாத்தார்.

நான் அதுக்கு முந்தின மாசம் ரீஇம்பர்ஸ் ஆன வவுச்சர் கட்ட கேட்டேன். அது எதுக்கு, முடிஞ்ச கணக்குன்னு ஒரே சத்தம். கொடுக்க அரை மணி நேரம் இழுத்தடிச்சார். கொடுத்தார், பிரிச்சேன், நடுவுல அதே டிரைவரோட பங்க் பில் 2,940. வவுச்சர திருப்பி பாத்தா பின்னாடி பென்சில்ல, "அட்வான்ஸ் 3000, பாக்கி 60 வாங்கியாச்சு". கேஷியர் கையெழுத்தே தான். அதாவது அந்த அட்வான்ஸ் எப்பவோ செட்டில் ஆயிடுச்சு, சீட்ட மட்டும் கிழிக்காம வெச்சிருக்காங்க. டிரைவர கூப்பிட்டு மேனேஜர் கேட்டார், "ஒரு தடவ தான் சார் வாங்கினேன், அறுபது ரூபாயும் திருப்பி கொடுத்துட்டேனே"ன்னார். கேட் ரெஜிஸ்டர்லயும் அதுக்கப்புறம் அந்த வண்டி வெளிய போனதாவே இல்ல.

இதுக்கு மேல நான் ஒரு வார்த்த பேசல, பேசவும் கூடாது. எடுத்தீங்களான்னு கேக்கறது நம்ம வேல இல்ல, இந்த சீட்ட பணமா ஏத்துக்க முடியாதுன்னு சொல்றது வரைக்கும் தான். மத்தத சீனியர் பாத்துக்கிட்டார்.

ஆனா எனக்கு வயித்தெரிச்சல் எதுலன்னா, கவுண்ட் ஷீட்ல கையெழுத்து போட மாட்டேன்னு அவர் பிடிச்ச பிடிவாதம். "நான் போட்டா திருடன்னு ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிடும், வயசுல பெரியவன் நானு"ன்னு ஆபீஸே திரும்பி பாக்கற மாதிரி கத்தினார். கை நடுங்கிச்சு எனக்கு. இருந்தாலும் "அண்ணா, இவ்ளோ பணம் இருந்துச்சு, உங்க முன்னாடி எண்ணினேன், மொத்தத்தையும் திருப்பி உங்ககிட்ட கொடுத்துட்டேன், இது மூணு தான் எழுதியிருக்கு, படிச்சு பாருங்க"ன்னு திரும்ப திரும்ப அதையே சொன்னேன். மேனேஜர் வந்து சொன்னப்புறம் தான் போட்டார். தயவுசெஞ்சு இந்த கையெழுத்து இல்லாம அந்த அறைய விட்டு வராதீங்க, நாளைக்கு "அந்த பொண்ணு எண்ணினப்ப தான் குறைஞ்சுது"ன்னு ஒரு வார்த்த சொல்லிட்டா நம்மகிட்ட என்ன ஆதாரம் இருக்கு?

360க்கு திருத்த என்ட்ரி போட்டாச்சு. 3,000 கேஷியர் பேர்ல ஸ்டாஃப் அட்வான்ஸா எழுதி அவர்கிட்ட கையெழுத்து வாங்கியாச்சு, சம்பளத்துல பிடிக்கறதா மேனேஜர் சொன்னார். இனிமே அட்வான்ஸ் சீட்டு நம்பர் போட்ட புக்ல தான், செட்டில் ஆனதும் அதுலயே கேன்சல் சீல் குத்தணும்னு சீனியர் ரிப்போர்ட்ல எழுதினார், அந்த பாயிண்ட நான் தான் டிராஃப்ட் பண்ணேன், ஒரு வார்த்த மாத்தாம அப்படியே போச்சு. அடுத்த விசிட்ல சம்பள ரெஜிஸ்டர வாங்கி அந்த 3,000 நிஜமாவே பிடிச்சிருக்காங்களான்னு பாக்கணும், என் நோட்ல முதல் வரியா எழுதி வெச்சிருக்கேன்.