அறுபது வினாடியில் தொலைந்த சாய்வு

குளிர்பதனக் கிடங்குகளின் வெப்பநிலையைக் கண்காணிக்கும் மென்பொருளில் சில வருடங்கள் வேலை பார்த்தேன். சென்சார் வினாடிக்கு ஓர் அளவு அனுப்பும். கடைசி 60 அளவுகளுக்கு ஒரு நேர்கோடு பொருத்தி, அதன் சாய்வை வைத்து வெப்பம் ஏறுகிறதா இறங்குகிறதா என்று சொல்ல வேண்டும். கல்லூரியில் படித்த நார்மல் ஈக்குவேஷனை அப்படியே எழுதினேன்.

```
G = A.T @ A
c = np.linalg.solve(G, A.T @ y)
```

`A`-வின் முதல் நிரல் முழுக்க 1, இரண்டாவது நிரல் நேரம்; `y` சென்சார் அனுப்பிய அளவுகள். நேரத்தை யூனிக்ஸ் வினாடியாகவே, அதாவது 1700000000 போன்ற எண்ணாகவே விட்டுவிட்டேன். கதவு திறந்து வெப்பம் ஏறிக்கொண்டிருக்கும்போது சாய்வு மைனஸில் வந்தது. இரண்டு நாள் சென்சாரைத்தான் சந்தேகப்பட்டேன்.

அப்புறம் தாளில் கணக்குப் போட்டேன். 60 நேரங்களின் வர்க்கங்களைக் கூட்டினால் ஏறக்குறைய 1.7 × 10²⁰ வரும். அந்த அளவில் டபுள் எண்களில் அடுத்தடுத்த இரண்டுக்கு நடுவே உள்ள இடைவெளி 32,768. சாய்வைத் தீர்மானிப்பதோ, ஒவ்வொரு நேரமும் சராசரியிலிருந்து விலகும் தூரத்தின் வர்க்கக் கூட்டல். அது வெறும் 17,995. நமக்கு வேண்டிய தகவல் முழுவதும் ஒரே இடைவெளிக்குள் விழுந்து மறைந்துவிட்டது. `solve`-க்குப் போவதற்கு முன்பே, `G`-யைக் கட்டும்போதே, அது போய்விட்டது. அதற்குப் பிறகு எவ்வளவு நல்ல முறையில் தீர்த்தாலும் திரும்பாது.

உள்ளீட்டின் சிறு பிழை விடையில் எத்தனை மடங்கு பெருகலாம் என்பதைச் சொல்வது கண்டிஷன் எண். நார்மல் ஈக்குவேஷனில் அது வர்க்கமாகிறது என்பார்கள்; அதன் பொருள் இதுதான். நிரல்களை ஒரே நீளத்துக்குக் கொண்டுவந்த பிறகும் `A`-வுக்கு அது சுமார் 2 × 10⁸. `G`-க்கு 4 × 10¹⁶. டபுள் தாங்குவது ஏறக்குறைய 16 இலக்கம்தான்.

QR முறை `A`-வையே ஒன்றுக்கொன்று செங்குத்தான நிரல்கள் கொண்ட `Q`, மேல்முக்கோணமான `R` என்ற இரண்டின் பெருக்கலாகப் பிரிக்கிறது; `G`-யைக் கட்டுவதே இல்லை.

```
Q, R = np.linalg.qr(A)
c = np.linalg.solve(R, Q.T @ y)
```

நேரத்தை வர்க்கமாக்காமல் வைத்தால், எண்களின் இடைவெளி ஒரு வினாடியில் பத்து லட்சத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. அதே தரவில் சாய்வு ஆறேழு இலக்கம் சரியாக வந்தது. வரிசைகள் மிக அதிகமென்றால் QR-க்குக் கணக்கு சுமார் இரட்டிப்பாகும். இரண்டே நிரல் உள்ள இடத்தில் அது ஒரு பொருட்டே இல்லை. ஆனால் QR எல்லாவற்றையும் காப்பாற்றிவிடாது. தரவு கோட்டிலிருந்து அதிகம் விலகியிருந்தால், அதன் பிழையிலும் கண்டிஷன் எண்ணின் வர்க்கம் எட்டிப்பார்க்கும். அதனால் நேரத்திலிருந்து முதல் வினாடியைக் கழிப்பதையும் சேர்த்தே செய்தேன்.

என்னை உண்மையில் உறுத்தியது, அதே பழைய முறையில் ஓடிய ஒரு மணிநேர அறிக்கை. அதில் சாய்வு மைனஸாகவில்லை, மூன்று இலக்கம் வரை சரியாகவும் இருந்தது. அதனால் யாரும் கவனிக்கவே இல்லை. எல்லா நேரங்களிலிருந்தும் ஒரே எண்ணைக் கழித்துவிட்டு மறுபடி பொருத்தினால் சாய்வு மாறக் கூடாது. அப்படி ஓட்டிப் பார்த்தபோது நான்காவது இலக்கம் மாறியது.