இல்லாத இடத்துக்கு எட்டு லட்சம்

"அந்த 80 அடி எங்க இருக்கு? காட்டுங்க தம்பி."

அந்த அம்மா இதைக் கோபமாகக் கேட்டிருந்தால் நான் எப்போதோ மறந்திருப்பேன். பள்ளியில் கணக்கு சொல்லிக் கொடுத்து ஓய்வு பெற்றவர். விடை தெரியாத பையனிடம் கேட்கிற மாதிரி நிதானமாகத்தான் கேட்டார். நான் சொன்ன பதிலும் சரியானதுதான்: "எங்கேயும் இல்லம்மா. அந்த மனை முழுக்கவும் இருக்கு." அதற்கு அவர், "அப்போ இல்லாத இடத்துக்கு எட்டு லட்சமா?" என்றார்.

வங்கிகளுக்குச் சொத்துப் பத்திரங்களைப் பார்த்துக் கருத்துரை எழுதிக் கொடுப்பது என் வேலை. அந்த அம்மாவின் ஃபிளாட்டை வாங்க ஒரு இளைஞர் வீட்டுக்கடன் கேட்டிருந்தார். தாய்ப் பத்திரம், விற்பனைப் பத்திரம், கட்டுமான ஒப்பந்தம், வில்லங்கச் சான்று எல்லாம் ஒழுங்காகவே இருந்தன. வழக்கமாக இப்படிப்பட்ட ஃபைல் அரை நாளில் முடிந்துவிடும்.

சென்னையில் நாலு கிரவுண்டு, அதாவது 9600 சதுர அடி மனை. கார் நிறுத்தும் ஸ்டில்ட் தளத்துக்கு மேலே மூன்று மாடி, மாடிக்கு நாலு என 12 ஃபிளாட்டுகள், எல்லாம் ஒரே அளவு. அப்படியானால் ஒவ்வொரு ஃபிளாட்டுக்கும் மனையில் 800 சதுர அடி பாகம் வர வேண்டும். அந்த அம்மாவின் பத்திரத்தில் 'பிரிபடாத 720 சதுர அடி பாகம்', பேச்சில் யுடிஎஸ் என்பது, என்று இருந்தது. 80 அடி குறைவு.

இந்த ஒன்றை வைத்து எதுவும் சொல்லிவிட முடியாது. மற்றவர்களுக்குக் கூடுதலாக எழுதியிருக்கலாம், தட்டச்சில் தவறியிருக்கலாம். ஆனால் வில்லங்கச் சான்றை அந்த ஃபிளாட்டுக்கு மட்டும் போடாமல், மனை முழுவதற்கும் கட்டடம் வந்த காலத்திலிருந்து போட்டால், அதில் பதிவான ஒவ்வொரு விற்பனையும் பாகத்தின் அளவோடு வரும். கூட்டிப் பார்க்க வேண்டியதுதான். கூட்டினேன். பில்டர் விற்ற எட்டு ஃபிளாட்டுகளுக்கும் தலா 720. நிலத்துக்காரர் தன் பங்காக எடுத்துக்கொண்ட நாலு ஃபிளாட்டுகளையும் பிற்பாடு விற்றிருக்கிறார், அவற்றுக்கும் தலா 720. மொத்தம் 8640. மீதி 960 சதுர அடி, மனையில் பத்தில் ஒரு பங்கு, எந்த வீட்டோடும் ஒட்டாமல் அந்த நிலத்துக்காரர் பெயரிலேயே நின்றது. அவர் காலமாகி வாரிசுகள் காலம்.

பத்திரத்தின் கடைசிப் பக்கங்களில் ஒரு வரியும் இருந்தது. பிற்காலத்தில் மனையில் கூடுதல் கட்டடம் கட்ட அனுமதி கிடைத்தால் அந்த உரிமை விற்பவரையே சேரும் என்று. கட்டடம் எழும்பியபோது தளப்பரப்புக் குறியீடு, எல்லோரும் எஃப்எஸ்ஐ என்பது, 1.5. அதாவது மனையின் பரப்பைப்போல் ஒன்றரை மடங்கு கட்டலாம். 2019 விதிகளில் அடிப்படை அளவே 2 ஆனது. காகிதத்தில் அந்த மனைக்கு இன்னும் 4800 சதுர அடி கட்டும் தகுதி வந்துவிட்டது. அந்த வரி நீதிமன்றத்தில் நிற்குமா நிற்காதா என்பது வேறு சண்டை. ஆனால் 960 அடியையும் அந்த வரியையும் அடுத்தடுத்து வைத்துப் படித்தால், அந்த 80 அடி யார் கையிலிருந்தும் தவறி விழுந்ததில்லை என்று புரியும்.

இதை வங்கிக்கு எழுத வேண்டிய கட்டாயம் எனக்கு இருந்ததா? கண்டிப்பாக இருந்தது என்று சொல்ல மாட்டேன். வங்கி கேட்பது 720 அடிக்கு உரிமை சுத்தமாக இருக்கிறதா என்பதை மட்டும்தான். சுத்தமாகவே இருந்தது. ஆனாலும் ஒரு வரி சேர்த்தேன்: விற்கப்பட்ட பாகங்களின் கூட்டுத்தொகை மனையின் பரப்பைவிட 960 சதுர அடி குறைவு. அவ்வளவுதான். கடன் நிற்கவில்லை. ஆனால் அந்த இளைஞர் கருத்துரையின் நகலைக் கேட்டு வாங்கிப் படித்திருக்கிறார். அந்தத் தெருவில் நிலம் சதுர அடி 10,000 ரூபாய் என்று கணக்குப் போட்டு, 80 அடிக்கு எட்டு லட்சம் குறைக்கச் சொல்லிவிட்டார். அந்த அம்மா என் அலுவலகத்துக்கு வந்தது அதன் பிறகு.

"நான் வித்தது வீடு. நீங்க நிலத்தைப் பத்தி எழுதியிருக்கீங்க" என்றுதான் தொடங்கினார். வயதான கட்டடத்தில் சுவருக்கு மதிப்பு தேய்ந்துகொண்டே போகும், விலை நிற்பது நிலத்தில்தான் என்று சொன்னேன். கட்டடத்தை இடித்துவிட்டுப் புதிதாகக் கட்டும் நாளில் ஃபிளாட் என்று எதுவும் கையில் இருக்காது, பத்திரத்தில் உள்ள பாகத்தை வைத்துத்தான் பேரமே நடக்கும் என்றும் விளக்கினேன். புதுக் கட்டடத்தில் யாருக்கு எவ்வளவு என்ற கணக்கில் அந்த 960 அடிக்காரரும் வந்து உட்கார்ந்துகொள்வார், பன்னிரண்டு பேருக்கும் அந்த அளவு குறையும். உங்களுடையது மனையில் ஏழரை சதவீதம், எட்டேகால் சொச்சம் இருந்திருக்க வேண்டும் என்றேன். கணக்கு டீச்சர், சட்டெனப் புரிந்துகொண்டார். புரிந்ததால்தான் எங்கே இருக்கிறது என்று கேட்டார்.

பிரிபடாத பாகத்தைக் காட்டவே முடியாது. படிக்கட்டுக்குக் கீழே 720 அடி, மாமரத்தடியில் 720 அடி என்று கோடு போட்டுக் கொடுப்பதில்லை. ஒவ்வொரு அடி மண்ணிலும் எல்லோருக்கும் பங்கு. மாநகராட்சி சாலையை அகலப்படுத்த 600 அடி எடுத்துக்கொண்டால் அந்த அம்மாவின் 720 அப்படியே நிற்காது, மீதமுள்ள 9000 அடியில் ஏழரை சதவீதமாக, 675 ஆகிவிடும். எண்ணாக எழுதியிருந்தாலும் அது விகிதம்தான். இதையெல்லாம் நான் எத்தனையோ பேருக்கு விளக்கியிருக்கிறேன். ஆனால் "இல்லாத இடத்துக்கு எட்டு லட்சமா?" என்று அவர் கேட்டதும் எனக்கு ஓடவில்லை. அவர் கேட்டதில் சட்டப்படி தவறு உண்டு, நியாயப்படி தவறில்லை. இத்தனை வருஷம் அந்த 80 அடி இல்லாததால் அவருக்கு எந்தக் குறையும் இல்லை. கார் நிறுத்தினார், மொட்டை மாடியில் வடகம் காயவைத்தார், பராமரிப்புத் தொகையை மற்றவர்களுக்குச் சமமாகக் கட்டினார். குறை விற்கும்போதுதான் பிறந்தது. அதுவும் நான் கூட்டிப் பார்த்ததால்.

இங்கே என்னைச் சமாதானப்படுத்துகிற ஒன்று உண்டு. அது முழு சமாதானமும் இல்லை. அந்தக் காலத்தில் ஃபிளாட் வாங்கினால் இரண்டு ஆவணம். நிலப் பாகத்துக்கு விற்பனைப் பத்திரம், வீட்டுக்குக் கட்டுமான ஒப்பந்தம். முதலாவதற்கு முத்திரைத் தீர்வை அதிகம், இரண்டாவதற்கு மிகக் குறைவு. பாகத்தைச் சுருக்கினால் பதிவுச் செலவும் சுருங்கும். வாங்குபவரே, "சார், யுடிஎஸ் கொஞ்சம் குறைச்சுப் போட்டா பரவாயில்லையா?" என்று கேட்ட காலம். தானும் தன் கணவரும் அப்படித்தான் சந்தோஷப்பட்டோம் என்று அந்த அம்மாவே சொன்னார். மிச்சமான பணத்தில் மர அலமாரி செய்தார்களாம். அப்படியானால் அவர் ஏமாற்றப்பட்டாரா, இல்லை மலிவாக வாங்கினாரா? இரண்டும்தான் என்று நினைக்கிறேன். சில நாள் முதலாவது, சில நாள் இரண்டாவது.

சரி செய்ய வழி உண்டா என்றும் கேட்டார். பிழைத்திருத்தப் பத்திரம் போட முடியாது, ஏனென்றால் அது பிழையே இல்லை, 720 என்று தெரிந்தே எழுதியது. வாரிசுகள் எல்லோரும் சேர்ந்து அந்த 960 அடியைப் பன்னிரண்டு பேருக்கும் விற்றுக் கொடுத்தால்தான் உண்டு. அவர்கள் எதற்குச் சும்மா கொடுப்பார்கள்? சங்கத்தில் பேசிப் பாருங்கள் என்றேன். விற்றுவிட்டுப் போகிறவருக்குச் சங்கம் எதற்கு என்று அவர் கேட்கவில்லை, பார்வையிலேயே இருந்தது. கடைசியில் பாதி குறைத்துக் கொடுத்து முடித்துவிட்டார் என்று வங்கியில் கேள்விப்பட்டேன்.

இதில் எனக்கு உறுத்துவது எழுதினேனே என்பது இல்லை. மறுபடி அதே ஃபைல் வந்தாலும் எழுதுவேன். வாங்குகிற பையனுக்கும் தெரிந்துகொள்ளும் உரிமை உண்டு. உறுத்துவது, இந்த உண்மையின் செலவு முழுவதும் அந்தக் கட்டடத்தில் முதலில் விற்க வந்தவர் தலையில் விழுந்தது. லாபம் வைத்துக்கொண்டவர்களுக்கு ஒரு பைசா நஷ்டமில்லை. மற்றப் பதினோரு வீட்டுக்காரர்களுக்கு இன்னும் தெரியவே தெரியாது. அவர்களிடம் போய்ச் சொல்ல எனக்கு வேலை இல்லை, வங்கியின் ஃபைலில் பார்த்ததை வெளியே பேசுவதும் முறையில்லை. வில்லங்கச் சான்று யாரும் எடுக்கக்கூடிய ஆவணம்தானே என்று இன்னொரு பக்கம் மனது வாதாடும். tnreginet.gov.in தளத்தில் சர்வே எண்ணைக் கொடுத்து யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். பார்க்க மாட்டார்கள், அதுதான் விஷயம். வாங்குகிற அன்றைக்கு மார்பிளையும் மாடுலர் கிச்சனையும் பார்ப்போம், மனையின் கூட்டுத்தொகையைப் பார்ப்பதில்லை.

பிற்பாடு அதே கட்டடத்திலிருந்து இன்னொரு ஃபிளாட்டின் ஃபைல் வந்தது. வில்லங்கச் சான்றில் ஒரு புதுப் பதிவு: பிரிபடாத 960 சதுர அடி, வீடு இல்லாமல், ஒரு கட்டுமான நிறுவனத்துக்கு வாரிசுகள் விற்றிருந்தார்கள். அந்த நிறுவனத்தாரால் அங்கே ஒரு ஸ்கூட்டர்கூட நிறுத்த முடியாது. ஆனால் இடித்துக் கட்டும் பேச்சு வந்தால் அவர்கள் இல்லாமல் நகராது. தமிழ்நாட்டின் 2022 அடுக்குமாடிக் குடியிருப்புச் சட்டப்படி மூன்றில் இரண்டு பங்கு உரிமையாளர்கள் சம்மதித்தால் மறுகட்டுமானம் செய்யலாம். வீடே இல்லாமல் மண்ணை மட்டும் வைத்திருப்பவரை அதில் எங்கே வைப்பது என்பதில் எனக்கும் பக்கத்து அறை வக்கீலுக்கும் இன்றுவரை ஒத்துப்போகவில்லை.

2023 டிசம்பரிலிருந்து புது ஃபிளாட்டுகளுக்கு நிலத்தையும் கட்டடத்தையும் சேர்த்து ஒரே மதிப்பில், ஒரே பத்திரமாகப் பதிகிறார்கள். இனி இந்தத் தில்லுமுல்லு இருக்காது என்கிறார் அந்தப் பக்கத்து அறை வக்கீல். தீர்வைக்காகப் பாகத்தைக் குறைப்பது போகும், ஒப்புக்கொள்கிறேன். நாளைக்கு வரப்போகும் எஃப்எஸ்ஐக்காக நிலத்துக்காரர் கொஞ்சம் மண்ணைக் கையில் வைத்துக்கொள்வதை அது எப்படித் தடுக்கும் என்று கேட்டால், "நீ எப்பவும் சந்தேகப் பிராணிப்பா" என்று சிரிக்கிறார். அந்த இரண்டாவது ஃபைலிலும் அதே வரியைத்தான் எழுதினேன், 960 அடி இப்போது யார் பெயரில் இருக்கிறது என்பதையும் சேர்த்து.