முடியும் தேதி போதும் மேடம்

மூன்று வருடம் ஆகிவிட்டது. அந்த ஒப்பந்தமும் ஒரு வருடம் நீண்டு, அதுவும் முடிந்துபோனது. அலுவலகத்தில் யாரும் இப்போது அதைப் பற்றிப் பேசுவதில்லை. ஆனால் மேடம் கேட்ட ஒரு கேள்வியும் நான் சொன்ன பதிலும் இன்னும் எனக்குள் ஓடிக்கொண்டே இருக்கின்றன.

என்னிடம் கேட்கப்பட்டது எளிமையான வேலைதான். ஒப்பந்தங்கள், உரிமங்கள், மென்பொருள் சந்தாக்கள் எல்லாவற்றையும் ஒரே விரிதாளில் போட்டு, அடுத்த ஒரு மாதத்துக்குள் முடியப்போகிறவற்றை மட்டும் பட்டியலாக மெயிலில் அனுப்ப வேண்டும். மொத்தம் 140 வரிசைகள் வந்தன. ஒவ்வொரு திங்கட்கிழமை காலையிலும் ஒரு நிரல் ஓடி, முடிவுத் தேதி இன்றிலிருந்து 30 நாளுக்குள் இருக்கிறதா என்று பார்க்கும். இருந்தால் அது மெயிலில் ஏறும்.

செய்து முடித்ததும் மேடத்திடம் காட்டினேன். ஒப்பந்தக் கோப்புகளைப் பல வருடமாகப் பார்த்துவந்தவர் அவர்தான். திரையைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுக் கேட்டார்: "இதுல எந்தத் தேதி தம்பி போட்டிருக்கீங்க? முடியுற தேதியா, நாம சொல்ல வேண்டிய தேதியா?"

"முடியும் தேதி போதும் மேடம். ஒரு மாசம் முன்னாடியே மெயில் வந்துடும்" என்றேன்.

"சரி" என்றார்.

அவ்வளவுதான் நடந்தது. அரை நிமிடம்கூட ஆகியிருக்காது.

அவர் எதைக் கேட்டார் என்று எனக்கு அப்போது புரியவில்லையா, புரிந்தும் தள்ளிவிட்டேனா என்பதைத்தான் இன்றுவரை தீர்மானிக்க முடியவில்லை. புரியவில்லை என்று சொல்லிக்கொள்வது வசதியாக இருக்கிறது. ஆனால் 'நாம சொல்ல வேண்டிய தேதி' என்ற சொற்கள் அட்சரம் பிசகாமல் நினைவில் இருக்கின்றன. புரியாத ஒன்று இவ்வளவு தெளிவாக மனதில் தங்குமா?

சரி, என்ன ஆனது என்று சொல்லிவிடுகிறேன். ஒரு மென்பொருளின் வருடாந்தர ஆதரவு ஒப்பந்தம் மார்ச் 31-ல் முடிய வேண்டியது. அந்த மென்பொருளை விட்டுவிடுவது என்று நவம்பரிலேயே முடிவாகிவிட்டது. எல்லாரும் வேறொன்றுக்கு மாறியும் விட்டார்கள். மார்ச் முதல் வாரத்து மெயிலில் அந்த ஒப்பந்தத்தின் பெயர் வந்தது. மேலாளர் பார்த்துவிட்டு, "இதைப் புதுப்பிக்க வேண்டாம்னு அவங்களுக்கு ஒரு கடிதம் போட்டுடுங்க" என்றார். போட்டோம். இரண்டு நாளில் பதில் வந்தது. முடிவுத் தேதிக்குக் குறைந்தது 60 நாள் முன்பு எழுத்தில் தெரிவிக்காவிட்டால் ஒப்பந்தம் அதே நிபந்தனைகளில் மேலும் ஓராண்டுக்குத் தானாகவே நீளும் என்ற பிரிவை எடுத்துக்காட்டியிருந்தார்கள். எங்கள் கையெழுத்து அதன் கீழே இருந்தது.

மார்ச் 31-லிருந்து 60 நாள் பின்னால் போனால் ஜனவரி 30. என் மெயிலின் கணக்குப்படி அந்த வரிசை பட்டியலுக்குள் வரக்கூடிய முதல் நாளே மார்ச் 1. அதாவது, கதவு மூடி முழுசாக 30 நாள் ஆன பிறகுதான் என் நினைவூட்டல் பேச ஆரம்பித்திருக்கிறது. நிரல் பழுதாகவில்லை, மெயில் தவறவில்லை, தேதியிலும் பிழை இல்லை. சொன்னதைச் சொன்னபடி செய்தது. அந்த ஒப்பந்தத்தைப் பொறுத்தவரை, அது சரியாக வேலை செய்ததால் யாருக்கும் எந்தப் பயனும் இல்லை.

உரிமங்களாக இருந்தால் கதை வேறு. அவை தானாக நீளாது. புதுப்பிக்காவிட்டால் முடிவுத் தேதியோடு செத்துப்போகும். அவற்றுக்கு முடியும் தேதிதான் சுவர், விண்ணப்பம் நகர எத்தனை நாள் ஆகும் என்று பார்த்து முன்னால் ஆரம்பித்தால் போதும். தானாக நீளும் ஒப்பந்தத்தில் முடியும் தேதிக்கு அர்த்தமே இல்லை, அன்றைக்கு எதுவும் முடிவதில்லை. இரண்டையும் ஒரே பத்தியில், ஒரே தலைப்பின் கீழ் வைத்தவன் நான்.

அன்றைய கூட்டத்தில் மேலாளர் எனக்காகப் பேசினார். "ஒரு மாசம்னு கேட்டது நாமதான். அவர் அதைத்தான் செஞ்சிருக்கார்" என்றார். உண்மைதான். 140 கோப்புகளையும் பிரித்து ஒவ்வொன்றிலும் அறிவிப்புப் பிரிவைத் தேடிப் படிக்க வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அந்த வேலை இரண்டு வாரத்தில் முடிந்திருக்காது. ஒப்பந்தம் படிப்பது என் வேலையும் இல்லை. இப்படியெல்லாம் எனக்கு நானே பலமுறை சொல்லியிருக்கிறேன், சொல்லும்போது நியாயமாகத்தான் இருக்கிறது.

ஆனால் மேடம் அந்தக் கூட்டத்தில் எதுவும் பேசவில்லை. 'நான் அப்பவே கேட்டேனே' என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நான் பதிலுக்கு ஏதாவது சொல்லியிருப்பேன், அதோடு ஆறியிருக்கும்.

இதைவிடக் கனமான ஒன்று இருக்கிறது. என் மெயில் வருவதற்கு முன்னால் மேடத்திடம் ஒரு டைரி இருந்தது. ஒவ்வொரு புது வருடமும் முதல் வேலையாகக் கோப்புகளை எடுத்துவைத்துக்கொண்டு பென்சிலில் குறிப்பார். முடியும் தேதியில் குறிக்கமாட்டார். எந்த நாளுக்குள் நாம் வாய் திறக்க வேண்டுமோ அந்த நாளில், ஒப்பந்தத்தின் பெயரும் பக்கத்தில் 'நோட்டீஸ்' என்ற ஒரே சொல்லும் இருக்கும். கடிதம் போனதும் அதன்மேல் ஒரு கோடு. பென்சில் எதற்கு என்று ஒருமுறை கேட்டேன். தேதிகள் மாறும், அழிக்க வசதி என்றார்.

மெயில் ஓட ஆரம்பித்த பிறகு, "இனிமே டைரி எழுத வேண்டாம் மேடம், எல்லாம் இதுல வந்துடும்" என்று சொன்னதும் நான்தான். நல்லெண்ணத்தில்தான் சொன்னேன். அந்த வருடத்து டைரியில் அவர் எழுதவில்லை. எழுதியிருந்தால் ஜனவரி பக்கத்தில் அந்தப் பெயர் இருந்திருக்கும், கடிதமும் போயிருக்கும். ஆக நான் ஒன்றைச் சேர்க்கவில்லை. சரியான தேதி இருந்த ஒன்றை எடுத்துவிட்டுத் தவறான தேதி இருந்த ஒன்றை அங்கே வைத்தேன். இல்லை, இப்படிச் சொல்வதும் முழு நியாயமில்லை. அவர் விடுப்பில் இருந்தபோது டைரி மேசை இழுப்பறையில் பூட்டியிருந்து, ஒரு உரிமம் தாமதமானது. அதனால்தான் இந்த மெயிலே கேட்கப்பட்டது. இதையும் சொல்லியாக வேண்டும்.

பிறகு திருத்தினேன். முதலில் 30-ஐ 120 ஆக்கினேன். பட்டியல் மூன்று மடங்குக்கும் மேல் நீண்டது, ஒரே பெயர் 17 வாரம் தொடர்ந்து வந்தது, மூன்றாவது வாரத்திலிருந்தே யாரும் மெயிலைத் திறக்கவில்லை. அதை விட்டுவிட்டு, அறிவிப்பு நாட்களுக்கு என்று தனிப் பத்தி சேர்த்தேன். முடிவுத் தேதியிலிருந்து அந்த நாட்களைக் கழித்து, அதற்கு ஒரு மாதம் முன்பு மெயில். கேட்கப்பட்ட அதே ஒரு மாதம்தான், எண்ணத் தொடங்கும் இடம் மட்டும் மாறியது.

இதிலும் ஒரு குழி இருந்தது. அறிவிப்பு நாட்கள் இன்னும் நிரப்பப்படாத வரிசைகளில் அந்தக் கட்டம் காலியாக இருந்தது. காலிக் கட்டத்தை விரிதாள் பூஜ்ஜியமாக எடுத்துக்கொள்ளும். தேதியிலிருந்து பூஜ்ஜியம் கழித்தால் அதே முடிவுத் தேதி வரும். ஒருவரும் படிக்காத ஒப்பந்தமும், அறிவிப்பே தேவைப்படாத ஒப்பந்தமும் பார்வைக்கு ஒன்றுபோலவே நின்றன. இரண்டையும் பிரிக்க இப்படி மாற்றினேன்:

```
=IF(E2="", "படிக்கவில்லை", D2-E2)
```

'படிக்கவில்லை' என்று வருகிறவை எல்லாம் தேதி எதுவாக இருந்தாலும் ஒவ்வொரு மெயிலிலும் கடைசியில் வரும். முதல் வாரம் 90-க்கு மேல் இருந்தன. அதைப் பார்க்க எனக்குக் கூச்சமாக இருந்தது, ஆனாலும் மறைக்கவில்லை. அப்புறம் மேடமும் நானும் வாரத்துக்கு ஐந்தாறு கோப்பு என்று படித்து நிரப்பினோம். அந்த மாதங்களில்கூட அந்தக் கேள்வியைப் பற்றி நாங்கள் பேசவில்லை. பேச வாய் வந்து இரண்டு முறை நிறுத்திக்கொண்டேன்.

போன மாதம் ஒரு கோப்பு வாங்க அவர் மேசைக்குப் போனேன். டைரி திறந்திருந்தது. பென்சில் எழுத்து. மறுபடி எழுத ஆரம்பித்திருக்கிறார், எப்போதிலிருந்து என்று தெரியாது. ஆகஸ்ட் 31-ல் முடியும் ஒரு ஒப்பந்தத்தின் பெயர் ஜூன் 30-ல் இருந்தது. என் விரிதாளில் அதற்கு ஜூலை 2 என்று வருவது எனக்கு நினைவிருந்தது. 60 நாள் என்று நிரப்பியவன் நான்தான்.

"மேடம், இது ஜூலை 2 இல்லையா?"

அவர் கோப்பைப் பிரித்துப் பிரிவைக் காட்டினார். "60 நாள்னு போடலை தம்பி. ரெண்டு மாசம்னு போட்டிருக்கு."

ஜூலைக்கும் ஆகஸ்டுக்கும் 31 நாள். இரண்டு மாதம் பின்னால் போவதும் 60 நாள் பின்னால் போவதும் அங்கே ஒன்றல்ல, இரண்டு நாள் பிந்திவிடும். மார்ச் 31 என்றால் பிப்ரவரி குறுகியது என்பதால் 60 நாள்தான் ஒரு நாள் முந்தி வரும், பிழை தெரியவே தெரியாது. ஒரு மாதத்தை 30 என்று வைத்துக்கொண்டு எத்தனை வரிசைகளில் இப்படி எழுதினேன் என்று அங்கேயே நின்றபடி நினைத்துப்பார்த்தேன், நினைவுக்கு வரவில்லை.

"இதை ஏன் என்கிட்ட சொல்லலை மேடம்?"

அவர் டைரியை மூடினார். "நீங்க கேக்கலையே தம்பி" என்றார். குரலில் கோபம் இல்லை.

என் இடத்துக்கு வந்து 30, 60, 90 என்று இருக்கும் வரிசைகளை வடிகட்டிப் பார்த்தேன். 43 வந்தன. முதல் கோப்பை எடுத்துக்கொண்டு மறுபடி அவர் மேசைக்குப் போனேன்.